ஸ்கைரிமில் வீங்கும் சேமிப்புக் கோப்பு: பழி யாருடையது?

ஒரே கதாபாத்திரத்தைக் கொண்டு இருநூறு, முந்நூறு மணி நேரம் ஸ்கைரிம் விளையாடுவோரிடையே ஒரு முறையீடு ஓயாமல் கேட்கிறது. தொடக்கத்தில் சில நொடிகளில் திறந்த சேமிப்புக் கோப்பு, மாதங்கள் கடந்தபின் நிமிடக்கணக்கில் காக்க வைக்கிறது. ஒரு வீட்டின் கதவைத் தாண்டினால் ஏற்றத் திரை நகர மறுக்கிறது. பிறகு ஒரு நாள், கோப்பைத் திறந்த கணமே விளையாட்டு தானாக மூடிக்கொள்கிறது. இதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: 'மாட்கள் அளவு மீறிவிட்டன; கோப்பு பெருத்துவிட்டது.' ரசிகர்கள் எழுதிச் சேர்க்கும் மாட்கள் இல்லாமல் இந்த விளையாட்டை இன்று நீண்ட காலம் ஆடுவோர் குறைவு என்பதால், இந்த விளக்கம் உடனே ஏற்கப்பட்டும் விடுகிறது.

ஆனால் இவ்விளக்கம் நோயையும் அதன் அறிகுறியையும் ஒன்றாகக் குழப்புகிறது. பெரிய கோப்பு நலமாக இருக்கலாம். சிறிய கோப்பு சிதைந்திருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி, கோப்பில் எவ்வளவு இருக்கிறது என்பதன்று. அதில் இருப்பவற்றை முடித்துவைக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதே. பொறுப்பாளர் அற்றுப்போன எச்சங்கள் சேர்வதே உண்மையான வீக்கம். அந்த எச்சம் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தால், இன்று பரவலாக நம்பப்படும் மருந்தான 'கோப்பைச் சுத்தம் செய்தல்' ஏன் அரைகுறை மருந்தாகவே நிற்கிறது என்பதும் விளங்கும்.

முதலில், பழி முழுவதையும் மாட்கள்மீது சுமத்துவது வரலாற்றுக்கு ஒவ்வாதது. ஸ்கைரிம் வெளியானது 2011 நவம்பர் 11 அன்று. அடுத்த சில வாரங்களிலேயே பிளேஸ்டேஷன் 3 வைத்திருந்தோர், நேரம் செல்லச் செல்ல விளையாட்டு திணறுவதாகவும், சேமிப்புக் கோப்பு சில மெகாபைட்டைத் தாண்டியபின் நிலைமை மோசமாவதாகவும் முறையிட்டனர். அந்தக் கருவியில் மாட்களுக்கு இடமே இல்லை. அதன் நினைவகம் 256 மெகாபைட் முதன்மைப் பகுதி, 256 மெகாபைட் வரைகலைப் பகுதி என இரண்டாகப் பிரிந்து கிடந்தது. வளர்ந்துகொண்டே போகும் பதிவுகளை அதற்குள் அடக்குவது கடினமாயிற்று. பெதெஸ்டா நிறுவனம் அடுத்தடுத்துத் திருத்தங்களை வெளியிட வேண்டிவந்தது. ஆகவே, வளர்வது இந்தக் கோப்பின் இயல்பு. மாட்கள் அந்த வளர்ச்சியை விரைவுபடுத்துகின்றன. சில மாட்கள் அதற்கு முடிவே இல்லாமலும் செய்துவிடுகின்றன.

அந்த இயல்பைப் புரிந்துகொள்ளக் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். ஸ்கைரிமின் சேமிப்புக் கோப்பு உலகம் முழுவதையும் படம் பிடித்து வைப்பதில்லை. மூல உலகம் விளையாட்டின் தரவுக் கோப்புகளிலும் மாட் கோப்புகளிலும் இருக்கிறது. அதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே சேமிப்புக் கோப்பு குறித்துக்கொள்கிறது. எந்த மாட்கள் எந்த வரிசையில் இருந்தன என்ற பட்டியல் அதன் முற்பகுதியில் இருக்கும். விளையாட்டில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் 32 பிட் அடையாள எண் உண்டு. அதன் முதல் இரு பதினறும இலக்கங்கள், அந்தப் பொருள் வரிசையில் எத்தனையாவது கோப்பிலிருந்து வந்தது என்பதைக் காட்டும். `FF` என்று தொடங்கும் எண் எந்த மாட்டுக்கும் உரியதன்று. விளையாட்டு ஓடும்போது புதிதாய்ப் பிறந்து, சேமிப்புக் கோப்பை மட்டுமே நம்பி வாழும் பொருளின் எண் அது.

இவ்வளவில் கோப்பு எல்லையின்றி வளரத் தேவையில்லை. ஓர் இடத்தை விட்டு வீரர் நீங்கி விளையாட்டுக் கணக்கில் 10 நாள்கள் ஆனால் அவ்விடம் பழைய நிலைக்குத் திரும்பும். பகைவரை ஒழித்து முடித்த குகையாயின் 30 நாள்கள் ஆகும். அவ்வாறு திரும்பும்போது, அங்கு இடம்பெயர்ந்த கிண்ணங்களையும் பிணங்களையும் பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை கைவிடப்படும். எனவே நலமான கோப்பு ஒன்று, வீரர் புதிய ஊர்களைக் கண்டுபிடிக்கும் தொடக்கக் காலத்தில் வேகமாக வளர்ந்து, பிறகு மெல்ல மெல்லச் சமநிலையை நெருங்கும். இந்த வளைகோடு நினைவில் இருக்க வேண்டும். பின்னர் நோயை அடையாளம் காண இதுவே அளவுகோல்.

சிக்கல் இன்னொரு பகுதியில் இருக்கிறது. ஸ்கைரிமின் நிரல்மொழியான பபைரஸில் எழுதப்பட்ட நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கும் நடுநிலையும் அப்படியே சேமிக்கப்படுகிறது. எந்த நிரல் எந்த வரியில் நிற்கிறது, அதன் மாறிகளில் என்ன மதிப்பு இருக்கிறது, எந்த நிகழ்வுக்காகக் காத்திருக்கிறது என்பவை அனைத்தும் கோப்பில் ஏறுகின்றன. இது பிழையான வடிவமைப்பு என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டிவிட முடியாது. பின்வரும் மூன்று வரிகளைப் பார்க்கலாம்:

```
Game.DisablePlayerControls()
Utility.Wait(3.0)
Game.EnablePlayerControls()
```

வீரரின் கட்டுப்பாடுகளை நிறுத்து, மூன்று நொடி காத்திரு, மீண்டும் வழங்கு என்பது இதன் பொருள். இந்த மூன்று நொடிக்குள் வீரர் விளையாட்டைச் சேமித்தால் என்னாகும்? நிரல் இரண்டாம் வரியில் நிற்கிறது என்ற செய்தி கோப்பில் ஏறாவிட்டால், மறுமுறை திறக்கும்போது மூன்றாம் வரி ஒருபோதும் ஓடாது. வீரர் கைகால் கட்டப்பட்டவராய் நிற்பார். எந்த நேரத்திலும் சேமிக்கலாம் என்ற வசதிக்கு, ஓடும் நிரல்களையும் சேர்த்துச் சேமிப்பது தவிர்க்க முடியாத விலை. அந்த விலையை யார், எதுவரை செலுத்துவது என்ற வரையறை இல்லாமற்போனதுதான் குறை.

வரையறை இல்லாததன் விளைவைக் காண, பபைரஸுக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தைக் கவனிக்க வேண்டும். விளையாட்டு ஒரு காட்சிச் சட்டகத்தை வரையும்போதெல்லாம் நிரல்களுக்கு 1.2 மில்லிநொடி மட்டுமே கொடுக்கிறது. அமைப்புக் கோப்பில் `fUpdateBudgetMS=1.2` என்ற வரி இதைத்தான் குறிக்கிறது. நொடிக்கு 60 சட்டகம் ஓடினால் நிரல்களுக்கு நொடிக்கு 72 மில்லிநொடி கிடைக்கும். சட்டகம் குறைந்தால் அந்தப் பங்கும் குறையும். இது சற்றே கொடுமையான ஏற்பாடு: விளையாட்டு ஏற்கெனவே திணறும் வேளையில்தான் நிரல்களுக்கும் நேரம் சுருங்குகிறது.

இப்போது கற்பனையாக ஒரு மாட்டை எடுத்துக்கொள்வோம். மழையில் நனைவோரின் உடை ஈரமாவதைக் காட்டும் மாட் அது. அருகிலுள்ள ஒவ்வொருவர்மீதும் ஒரு நிரலை ஒட்டி, அரை நொடிக்கு ஒருமுறை அவர் வெளியில் நிற்கிறாரா என்று பார்க்கிறது. நிரலின் அடிப்படை வடிவம் இவ்வாறு இருக்கும்:

```
Event OnInit()
    RegisterForUpdate(0.5)
EndEvent

Event OnUpdate()
    CheckRain()
EndEvent
```

ஒரு சந்தையில் 40 பேர் இருந்தால் நொடிக்கு 80 அழைப்புகள் வரும். ஓர் அழைப்பை முடிக்க 0.8 மில்லிநொடி ஆகும் என்று எளிமைக்காகக் கொண்டால், நொடிக்கு 64 மில்லிநொடி தேவை. இருப்பதோ 72. கணக்கு சரியாக இருக்கிறது. 8 மில்லிநொடி மிச்சமும் உண்டு. மாட்டை எழுதியவர் தம் கணினியில் சோதித்துப் பார்த்திருந்தால் எந்தக் குறையையும் கண்டிருக்கமாட்டார்.

அதே சந்தையில் மழையும் சண்டையும் சேர்ந்து, சட்டகம் 45 ஆகக் குறைகிறது எனக் கொள்வோம். நிரல்களுக்குக் கிடைப்பது இப்போது நொடிக்கு 54 மில்லிநொடி. தேவை மாறவில்லை, 64தான். ஒவ்வொரு நொடியும் 10 மில்லிநொடி வேலை, அதாவது பன்னிரண்டரை அழைப்புகள், முடியாமல் வரிசையில் நிற்கின்றன. மேலே உள்ள `RegisterForUpdate` முந்தைய அழைப்பு முடிந்ததா என்று பார்ப்பதில்லை. அரை நொடி ஆனதும் அடுத்ததை அனுப்பிவிடுகிறது. பத்து நிமிடம் இப்படிச் சென்றால் 7500 அழைப்புகள் தேங்கும். சண்டை ஓய்ந்து சட்டகம் மீண்டும் 60 ஆனாலும் தேக்கம் உடனே கரையாது. நொடிக்கு மிச்சம் 8 மில்லிநொடிதான். அதில் பத்து அழைப்புகளே தீரும். அனைத்தும் தீரப் பன்னிரண்டரை நிமிடம் வேண்டும். அதற்கிடையில் வீரர் சேமித்துவிட்டால், தீராத அழைப்புகள் ஒவ்வொன்றும் தன் மாறிகளோடு கோப்பில் ஏறுகிறது. மறுமுறை திறக்கும்போது அவற்றை ஒவ்வொன்றாக மீட்டெடுத்த பின்னரே விளையாட்டு தொடங்க முடியும். ஏற்றத் திரை நீள்வதன் காரணங்களில் ஒன்று இதுவே.

இன்னொரு மாட் சேர்ந்து அந்த 8 மில்லிநொடி மிச்சத்தையும் எடுத்துக்கொண்டால் தேக்கம் என்றுமே கரையாது. இந்த இடத்தில்தான் 'மாட்கள் அதிகம்' என்ற விளக்கம் பிறக்கிறது. கடைசியாக வந்த மாட் குற்றவாளியாகத் தெரிகிறது. உண்மையில் அது செய்தது, முன்பே மறைந்திருந்த பற்றாக்குறையை வெளிப்படுத்தியது மட்டுமே. ஆயிரம் புதிய உடைகளையும் ஓவியங்களையும் சேர்க்கும் நூறு மாட்கள் இந்த வரிசையில் ஓர் அழைப்பைக்கூடச் சேர்ப்பதில்லை. மேற்கண்ட வகை நிரல் ஒன்றே போதும். சில வழிகாட்டிகள் 1.2 என்ற எண்ணை உயர்த்துமாறு கூறுவதுண்டு. அந்தக் கூடுதல் நேரம் காட்சி வரைதலிலிருந்தே பிடுங்கப்படுவதால் சட்டகம் மேலும் குறையலாம். பிறப்பது பழைய சிக்கலின் இன்னொரு முகமே.

தீர்வு மிகச் சிறியது. நிரலாசிரியர் இரண்டு வரிகளை மாற்றினால் போதும்:

```
Event OnInit()
    RegisterForSingleUpdate(0.5)
EndEvent

Event OnUpdate()
    CheckRain()
    RegisterForSingleUpdate(0.5)
EndEvent
```

இங்கே ஒரு வேலை முடிந்த பிறகுதான் அடுத்த அழைப்பு கேட்கப்படுகிறது. எவ்வளவு திணறினாலும் ஒருவருக்கு ஓர் அழைப்புக்கு மேல் காத்திருக்காது. 7500 என்பது அதிகபட்சம் 40 ஆகிவிடும். ஈரம் சற்றுத் தாமதமாகத் தெரியும், அவ்வளவே.

இந்த இரு வடிவங்களுக்கும் உள்ள வேறுபாடு, வீரர் ஒரு மாட்டை நடுவழியில் நீக்கும்போது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. மாட்டை நீக்குவது என்றால் வட்டிலிருந்து அதன் கோப்புகளை எடுப்பது. ஆனால் அந்த மாட் தொடங்கிவைத்த நிரல்களின் பதிவு சேமிப்புக் கோப்பில் இருக்கிறது. வட்டில் கைவைப்பதால் அது மாறுவதில்லை. இரண்டாம் வடிவத்தில், அடுத்த அழைப்பைக் கேட்க நிரலே இல்லாததால், கடைசி அழைப்போடு கதை முடிகிறது. முதல் வடிவத்திலோ, 'அரை நொடிக்கு ஒருமுறை எழுப்பு' என்ற ஆணை அப்படியே நிற்கிறது. எழுப்பப்பட வேண்டியவர் இல்லாத வீட்டின் கதவை விளையாட்டு தொடர்ந்து தட்டிக்கொண்டிருக்கும். நிரல்களின் பதிவேடு இயக்கப்பட்டிருந்தால், கோப்பைத் திறக்கும்போது `Cannot open store for class` என்று தொடங்கி `missing file?` என்று முடியும் வரிகளைக் காணலாம். காணாமற்போன ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு வரி. இவற்றுள் பல தீங்கற்றவை. ஆனால் இவை நிறைந்த பதிவேடு, கோப்புக்குள் பொறுப்பாளர் அற்ற பதிவுகள் இருக்கின்றன என்பதன் சான்று.

பொருள்களுக்கும் இதே விதி பொருந்தும். `PlaceAtMe` என்ற கட்டளை ஒரு பொருளைப் புதிதாகப் படைத்து, அக்கட்டளை எதன்மீது அழைக்கப்பட்டதோ அதன் இடத்தில் வைக்கும். மாயவித்தை ஒன்றின் புலப்படாத குறியாகவோ கூடாரத்தின் தீயாகவோ அது இருக்கலாம். `FF` எண்ணோடு பிறக்கும் அப்பொருளை, வேலை முடிந்ததும் நிரலே அழிக்க வேண்டும். அழிக்க மறந்தாலும், பிற பொருள்களைப்போல அது இடம் புதுப்பிக்கப்படும்போது மறைய வாய்ப்புண்டு. ஆனால் ஏதேனும் ஒரு நிரல் மாறி அதைச் சுட்டிக்கொண்டிருந்தாலோ, அது நிலையானது என்று குறித்துப் படைக்கப்பட்டிருந்தாலோ, மறையாது. ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒன்று என்ற விகிதத்தில் நூறு மணி நேர ஆட்டத்தில் எத்தனை சேரும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மெதுவாக ஏற்றுவதற்குக் காரணம் இவ்வாறு படிப்படியானது. திடீரென மூடிக்கொள்வதற்கோ வேறு காரணமும் உண்டு. 2011இன் 32 பிட் பதிப்பில், நிரல்களின் பெயர்கள், மாறிகளின் பெயர்கள், அவற்றிலுள்ள சொற்றொடர்கள் அனைத்தும் சேமிப்புக் கோப்பில் ஓர் அட்டவணையாக எழுதப்பட்டு, ஒவ்வொன்றும் 16 பிட் எண்ணால் சுட்டப்பட்டன. 16 பிட்டில் எழுதத்தக்க மிகப்பெரிய எண் 65,535. அட்டவணை அந்த எல்லையைத் தாண்டினால் எண்கள் தவறான சொற்களைச் சுட்டத் தொடங்கும். அப்படி எழுதப்பட்ட கோப்பு மறுமுறை திறக்காது. இதில் மிகக் கொடிய செய்தி, சேமிக்கும்போது எந்த எச்சரிக்கையும் வராது என்பதே. ஆட்டம் சீராக ஓடிக்கொண்டிருக்கும், கோப்பும் எழுதப்பட்டுவிடும், சிதைவு மறுநாள்தான் தெரியவரும். பின்னாளில் ரசிகர்களே இந்த வரம்பைத் தாண்டும் மாட் ஒன்றை எழுதினர். ஆயினும் பாடம் நிற்கிறது: படிப்படியான தேக்கத்துக்கும் திடீர் முறிவுக்கும் ஒரே மருந்து இருக்க முடியாது.

நோயை எவ்வாறு அறிவது? கோப்பின் பருமனை ஒருமுறை பார்ப்பதால் பயனில்லை. 2016இல் வந்த சிறப்புப் பதிப்பு கோப்பைச் சுருக்கி எழுதுவதால் பருமன் மேலும் ஏமாற்றும். ஒரே மாதிரியான ஆயிரக்கணக்கான பதிவுகள் மிக நன்றாகச் சுருங்கும் என்பதால், வீங்கிய கோப்பு வெளிப்பார்வைக்கு மெலிந்தே தெரியலாம். பார்க்க வேண்டியது வளைகோட்டை. பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை தனிக் கோப்பாகச் சேமித்து, ஒவ்வொன்றின் அளவையும் குறித்துவர வேண்டும். புதிய இடம் எதையும் காணாத காலத்திலும் வளர்ச்சி தணியாவிட்டால் ஐயம் கொள்ளலாம்.

அதை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை உண்டு. ஆள் நடமாட்டமற்ற சிறிய வீட்டுக்குள் சென்று, ஒன்றும் செய்யாமல் சில நிமிடங்கள் நின்று, பிறகு சேமிக்க வேண்டும். அந்தக் கோப்பை ரீசேவர் என்ற இலவசக் கருவியில் திறந்தால், அவ்வேளையில் ஓடிக்கொண்டிருந்த நிரல்களின் பட்டியல் தெரியும். அமைதியான அறையில் அது சிறு எண்ணிக்கையாக இறங்கியிருக்க வேண்டும். நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ நின்றால், அவற்றுள் எந்த நிரலின் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது என்று பார்த்தால் போதும். குற்றவாளி அங்கேயே பெயரோடு நிற்பான். பதிவேட்டில் `Suspended stack count is over our warning threshold` என்ற வரி அடிக்கடி வருவதும் இதே நிலையைத்தான் சொல்கிறது. ஓரிரு முறை, பெருஞ்சண்டைக்குப் பின் வந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. அமைதியான வேளையிலும் வந்தால் தேக்கம் கரையவில்லை என்று பொருள்.

ரீசேவர் பார்ப்பதற்கு மட்டுமன்றி வெட்டுவதற்கும் உதவும். எந்தப் பொருளோடும் ஒட்டாத நிரல்களையும், வட்டில் மூலமே இல்லாத நிரல்களையும் அது நீக்கும். ஆணை மட்டும் எஞ்சி நிற்கும் நிலைக்கு, ஸ்கைரிம் நிரல் நீட்சியான எஸ்.கே.எஸ்.ஈ.யின் அமைப்புக் கோப்பில் இரு வரிகள் சேர்த்தால், கோப்பைத் திறக்கும்போதே ஆளில்லாத ஆணைகள் ரத்தாகும்:

```
[General]
ClearInvalidRegistrations=1
```

இக்கருவிகள் பலருடைய ஆட்டங்களைக் காப்பாற்றியிருக்கின்றன, அதை மறுப்பதற்கில்லை. மறுக்க வேண்டியது, இவை இருப்பதால் எதையும் சேர்க்கலாம், எதையும் எடுக்கலாம் என்று பரவியுள்ள நம்பிக்கையை. முன்பு பார்த்த மூன்று வரி நிரலை மீண்டும் நினைவுகூரலாம். அது இரண்டாம் வரியில் காத்திருக்கும் வேளையில், 'இது ஓடிக்கொண்டிருக்கும் வேண்டாத நிரல்' என்று வெட்டினால், மூன்றாம் வரி என்றும் ஓடாது. கோப்பு இளைக்கும், வீரரின் கட்டுப்பாடு திரும்பாது. எதனோடும் ஒட்டாத நிரல்கள் அனைத்தும் குப்பையும் அல்ல. சில மாட்கள் வேண்டுமென்றே அவ்வாறு நிரல்களை வைத்திருக்கின்றன. ஒரு நிரல் உயிரோடு இருக்கிறதா என்பதைக் கருவி சொல்லும். அது எதற்காக உயிரோடு இருக்கிறது என்பதை எழுதியவர் மட்டுமே அறிவார். நீக்கப்பட்ட மாட் ஏற்கெனவே மாற்றிவைத்த உலகத்தையும், பாதியில் விட்ட பணிகளையும், ஒருவரின் மாறிப்போன மனநிலையையும் எந்த வெட்டும் மீட்காது. ஆகவே கருவியை நோயறியும் கண்ணாடியாகக் கொள்வது அறிவு; அன்றாட மருந்தாகக் கொள்வது ஆபத்து.

பழி யாருடையது என்ற கேள்விக்கு இப்போது விடை காணலாம். நடுவழியில் மாட்டை நீக்கிய வீரரே பொறுப்பு என்று மாட் எழுதுவோர் பலர் கூறுகின்றனர். 'ஆட்டத்தின் நடுவே நீக்காதீர்' என்ற ஒரு வரி எச்சரிக்கையோடு தம் கடமை முடிந்ததாகவும் கருதுகின்றனர். எச்சரிக்கை சரியானதுதான். ஆனால் முதல் வடிவ நிரல், நீக்கப்படாதபோதும் தேக்கத்தை உண்டாக்குகிறது என்பதைச் சந்தைக் கணக்கு காட்டியது. அங்கே வீரரின் தவறு ஏதுமில்லை. மறுபுறம், ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் எழுதும் ஆர்வலர்மீது முழுப் பழியைச் சுமத்துவதும் முறையன்று. முடிவற்ற ஆணையை ஒரே வரியில் பிறப்பிக்கும் வசதியை மொழியே அளித்தது. அந்த ஆணை யாருடையது, அவர் மறைந்தபின் அது என்னாவது என்பதை மொழி கேட்கவில்லை.

இக்குறையை மொழியை உருவாக்கியவர்களே உணர்ந்தனர் என்பதற்கு 2015இல் வந்த ஃபால்அவுட் 4 சான்று. அதிலும் பபைரஸ்தான், ஆனால் அதில் `RegisterForUpdate` இல்லை. அதனிடத்தில் வந்த `StartTimer` ஒருமுறை மட்டுமே ஒலிக்கும். மீண்டும் வேண்டுமாயின் மீண்டும் கேட்க வேண்டும். ஸ்கைரிமில் நிரலாசிரியரின் ஒழுக்கத்துக்கு விடப்பட்டிருந்தது, அங்கே மொழியின் விதியாயிற்று. வீங்கும் கோப்பு மாட்களின் தவிர்க்க முடியாத சாபம் என்போருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை. ஃபால்அவுட் 4இன் கோப்புகள் வளர்வதே இல்லை என்பதன்று இதன் பொருள். வளர்ச்சியின் ஒரு வாயில் அடைக்கப்பட்டது என்பதே.

ஸ்கைரிமில் அந்த வாயில் இன்றும் திறந்தே இருக்கிறது. எனவே நடைமுறையில் செய்யத்தக்கவை சில உள்ளன. மாட் எழுதுவோர் முடிவற்ற ஆணையைக் கைவிட்டு, ஒற்றை அழைப்பு வடிவையே பயன்படுத்த வேண்டும். தம் மாட்டை அணைக்கும் வழியை அமைப்புப் பட்டியலில் தந்து, அது அணைக்கப்படும்போது படைத்த பொருள்களை அழித்து, காத்திருக்கும் நிரல்களை முடித்துவைக்க வேண்டும். மாட்டின் விளக்கத்தில் 'நீக்காதீர்' என்பதோடு நில்லாமல், நீக்கினால் கோப்பில் எது எஞ்சும் என்பதையும் எழுத வேண்டும். வீரர்கள் மாட் பட்டியலை ஆட்டம் தொடங்குமுன் சோதித்து முடிவுசெய்து, பிறகு நிரல் கொண்ட மாட்களை நீக்காமல் இருக்க வேண்டும். ஒன்றை நீக்கியே ஆக வேண்டுமென்றால், அதைச் சேர்ப்பதற்கு முன் சேமித்த கோப்புக்குத் திரும்புவதே நேர்மையான வழி. பத்து மணி நேரத்துக்கு ஒரு தனிக் கோப்பு வைத்திருப்பவருக்கு அந்த வழி எப்போதும் உண்டு. ஒரே விரைவுச் சேமிப்பின்மீது முந்நூறு மணி நேரத்தையும் எழுதியவருக்கு அது இல்லை.